பன்னிரண்டு படம், பதின்மூன்று மாதம்

போன எபிசோடில் மாதப் படத் தொகுப்பு பற்றிப் பேச ஆரம்பித்து, பாதியிலேயே நேரம் முடிஞ்சுபோச்சு. பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு படம், எல்லாம் ஒரே குடும்பம் மாதிரி இருக்கணும், எப்படிச் செய்றது என்பதுதான் கேள்வி. மீதியை இங்கே எழுதுகிறேன். உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது யாங்கோனின் பபேடான். ஏன் அந்த ஊர் என்பது கொஞ்சம் போனதும் புரியும்.

பபேடானில், அனோரதா சாலையில், 1871ல் தமிழர்கள் கட்டிய காளி கோயில் இருக்கிறது. அங்கே வாழ்கிற ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு இரண்டு காலண்டர் வேணும். ஆடி எப்போ, தை எப்போன்னு பார்க்கத் தமிழ்க் காலண்டர். வாசோ எப்போ, ததின்ஜுட் எப்போன்னு பார்க்கப் பர்மியக் காலண்டர். பள்ளிக்கூட விடுமுறை, பக்கத்து வீட்டுக் கல்யாணம் எல்லாம் பர்மியக் காலண்டரைப் பார்த்துத்தான் நடக்கும். இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரே மாதப் படத் தொகுப்பு செய்யணும் என்று வைத்துக்கொள்ளுங்க. அதுதான் நம்ம வேலை.

முதல் பார்வையில் இது சுலபம். பர்மிய மரபில் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு ராசி, ஒரு பூ, ஒரு விழா என்று ஏற்கெனவே வகுத்து வைத்திருக்காங்க. ராசிப் பெயர்கள் நமக்கு அந்நியமே இல்லை. கடகம் அங்கே கரகட், தனுசு அங்கே தனு, துலாம் அங்கே தூ. ஆக சட்டகம் ஒன்று வரைந்து, அதில் மூன்று இடம் விட்டு, மாதத்துக்கு மாதம் ராசி, பூ, விழா மூன்றையும் மாற்றினால் முடிஞ்சது. பன்னிரண்டு கோப்பு. அச்சுக்கு அனுப்பிடலாம்.

அனுப்பினால் அடுத்த வருஷமே, இல்லைன்னா அதற்கடுத்த வருஷம், தொகுப்பு உடையும். பர்மிய மாதங்கள் நிலவைப் பார்த்து ஓடுபவை. பன்னிரண்டு நிலா மாதம் சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. அந்தக் குறையை ஈடுகட்ட, 19 ஆண்டுக்குச் சுமார் 7 முறை வாசோ மாதத்தை இரண்டு தடவை வைக்கிறாங்க. 2023ல் அப்படி வந்தது. அந்த வருஷம் பதின்மூன்று மாதம். உங்கள் கையில் பன்னிரண்டு படம்.

வாசோ படத்தையே இரண்டு முறை போட்டுட்டா என்ன? அங்கேதான் சிக்கல். வாசோவின் நடுப்படம் பிக்குகளின் மழைக்காலத் தவம் தொடங்குவது. வாசோ பௌர்ணமிக்கு மறுநாளிலிருந்து மூன்று மாதம் பிக்குகள் மடத்திலேயே தங்குவார்கள். அந்த மூன்று மாதம் பர்மிய பௌத்தர்கள் பொதுவாகக் கல்யாணம் வைக்க மாட்டாங்க. இரண்டு வாசோ வரும் ஆண்டில் தவம் தொடங்குவது இரண்டாவது வாசோவில்தான். அந்தப் படத்தை முதல் வாசோவில் போட்டால், சுவரில் தொங்கும் காலண்டர் ஒரு மாதம் முன்னாடியே பொய் சொல்லும். படம் அழகாக இருந்தால் எல்லாரும் அதை நம்பவும் செய்வாங்க.

ஆகவே முதல் முடிவு: படம் என்பது ஒரு கோப்பு இல்லை. சட்டகம் ஒன்று, அதில் நிரப்ப வேண்டிய இடங்கள் சில, நிரப்பச் சொல்லும் ஒரு வரித் தரவு. 2023ன் இரண்டு வாசோவும் இப்படி இருக்கும்:

```
{ "id": "waso-1", "h": 180, "scene": "rain" }
{ "id": "waso-2", "h": 180, "scene": "lent" }
```

இரண்டுக்கும் ஒரே நிறம், ஒரே பூ. நடுப்படம் மட்டும் வேறு. முதலாவதில் வெறும் மழை. இரண்டாவதில் பிக்குகளுக்கு வாசோ சீவர ஆடை கொடுக்கும் காட்சி. பார்க்கிறவருக்கு "இது இரட்டை மாதம்" என்பதும் தெரியும், எது தவ மாதம் என்பதும் தெரியும்.

சட்டகம்

அளவை முதலில் பூட்டிவிடணும். நான் எடுத்துக்கொள்வது அகலம் 1200, உயரம் 1600. நான்கு பக்கமும் 60 விளிம்பு. மேலே அரைவட்ட வளைவு ஒன்று, ஆரம் 540. அதன் கீழே 780 உயரத்தில் விழாக் காட்சி. அடியில் 160 உயரத்தில் மாதப் பெயர்ப் பட்டை. கூட்டிப் பாருங்க, 1600 சரியாக வரும். பூ, காட்சியின் கீழ் இரு மூலைகளிலும்.

பெயர்ப் பட்டையைத் 'தாகு'வில் ஆரம்பிக்காதீங்க. தாகு, வாசோ, நதோ எல்லாம் குட்டிப் பெயர்கள். எந்த எழுத்தளவும் பொருந்தும். தசாவுங்மோன் வந்ததும் பட்டையை மீறும். உடனே அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் எழுத்தைச் சிறிதாக்கத் தோணும். செய்தால் தொகுப்பில் முதல் விரிசல் அதுதான். நீளமான பெயரை முதலில் வைத்து எழுத்தளவை முடிவு செய்யுங்க. குட்டிப் பெயர்களுக்குப் பக்கத்தில் கிடைக்கும் வெற்றிடம் கெடுதல் இல்லை.

இப்போது வளைவு. இந்த யோசனை என்னுடையது இல்லை, 600 வருஷப் பழசு. பிரான்சில் பெர்ரி கோமகனுக்காக லிம்பர்க் சகோதரர்கள் வரைந்த பிரார்த்தனைப் புத்தகத்தின் மாதப் பக்கங்களில், மேலே நீல அரைவட்டம், நடுவே சூரியத் தேர், அதற்கு மேல் ராசிகள். கீழே அந்த மாத வேலையோ கொண்டாட்டமோ. சகோதரர்கள் மூவரும் 1416ல் இறந்துபோனாங்க. புத்தகம் அரைகுறையாக நின்றது. 1480களில் ழான் கொலோம்ப் என்ற வேறொரு ஓவியர் வந்து முடித்தார். நவம்பர் மாதக் கீழ்ப்படம் அவர் கை. சுமார் எழுபது வருஷம் கழித்து வேறு கை வரைந்தும் தொகுப்பு தொகுப்பாகவே நிற்பதற்குக் காரணம், சட்டகம் ஏற்கெனவே பூட்டியிருந்தது.

ஆனால் அந்த வளைவில் நமக்கு வேண்டிய விஷயம் வேறு. ஒவ்வொரு மாதத்திலும் அவர்கள் இரண்டு ராசி வரைந்தார்கள். ஜனவரியில் மகரமும் கும்பமும். ஏன்னா சூரியன் மாத நடுவில்தான் ராசி மாறுகிறது. ஒரு மாதத்துக்கு ஒரு ராசி என்பது தமிழ் மாதத்தில் மட்டும் சரியாகப் பொருந்தும், ஏன்னா நம்ம மாதமே ராசியை வைத்துத்தான் அளக்கிறோம். சூரியன் கடகத்தில் இருக்கும் வரைக்கும் ஆடி. பர்மிய மாதம் நிலவை வைத்து அளப்பது. அதில் ராசி எல்லை எங்கே விழும் என்பது வருஷத்துக்கு வருஷம் நகரும்.

அப்போ வளைவையே ஒரு அளவுகோலாக ஆக்கிடலாம். அரைவட்டம் 180 டிகிரி. வாசோ 30 நாள். நாளுக்கு 6 டிகிரி. இடது ஓரம் மாதத்தின் முதல் நாள், வலது ஓரம் கடைசி நாள்.

2024ஐ எடுத்துக்கொள்வோம். வாசோ பௌர்ணமி ஜூலை 20. பௌர்ணமி என்பது வளர்பிறையின் 15ஆம் நாள், ஆக மாதம் ஜூலை 6ல் தொடங்கி ஆகஸ்ட் 4ல் முடிகிறது. ஆடி 1 ஜூலை 17. அதாவது வாசோவின் முதல் 11 நாள் ஆனி, மிதுனம். மீதி 19 நாள் ஆடி, கடகம். 11 நாள் × 6 = 66 டிகிரியில் ஒரு கோடு. கோட்டுக்கு இடப்பக்கம் மிதுனச் சின்னம், வலப்பக்கம் கடகச் சின்னம். அவ்வளவுதான். பர்மிய மாதத்தைக் காட்டுகிற அதே படம், ஆடி எப்போ பிறக்குது என்றும் சொல்கிறது.

சின்னத்தை ஒவ்வொரு துண்டின் நடுவிலும் வைக்க, வளைவின் மையம் (600, 600), சின்னம் நிற்கும் ஆரம் 400 என்றால்:

```
x = 600 - 400 * cos(a)
y = 600 - 400 * sin(a)
```

இங்கே a இடது ஓரத்திலிருந்து எண்ணும் கோணம். மிதுனத்துக்கு 33 டிகிரி, கடகத்துக்கு 123 டிகிரி. கையால் நகர்த்தி "சரியா இருக்கு" என்று கண்ணால் வைப்பதைவிட இது மேல். பதின்மூன்று படத்திலும் ஒரே விதி இருக்கும்.

இப்போ 2023க்கு வாங்க. அந்த வருஷம் ஆடியில் இரண்டு அமாவாசை வந்தது வீட்டில் யாராவது சொல்லிக் கேட்டிருப்பீங்க. ஜூலை 17 ஒன்று, ஆகஸ்ட் 16 இன்னொன்று. எந்த அமாவாசையில் தர்ப்பணம் என்று பெரிய பேச்சே நடந்தது. பர்மியக் காலண்டரில் முதல் வாசோ முடிந்தது அந்த முதல் அமாவாசையில். இரண்டாம் வாசோ ஜூலை 18ல் தொடங்கி ஆகஸ்ட் 16ல், அடுத்த அமாவாசையில் முடிந்தது. ஆடியோ ஜூலை 17லிருந்து ஆகஸ்ட் 17 வரை. அதாவது இரண்டாம் வாசோ முழுசும் ஆடிக்குள்ளேயே அடங்கிவிட்டது. வளைவில் கோடே கிடையாது. ஒரே ஒரு கடகம், 90 டிகிரியில், உச்சியில்.

முதல் வாசோதான் தொல்லை. ஜூன் 18லிருந்து ஜூலை 17 வரை. 29 நாள் ஆனி, கடைசி ஒரு நாள் மட்டும் ஆடி. கோடு 174 டிகிரியில் விழுகிறது. கடகத்துக்குக் கிடைப்பது 6 டிகிரித் துண்டு. 400 ஆரத்தில் அதன் அகலம் 42. நம்ம சின்னத்தின் அகலம் 96. நுழையாது. சின்னத்தைச் சுருக்கி நுழைத்தால் மற்ற படங்களோடு ஒட்டாது. அதனால் ஒரு விதி: 3 நாளுக்குக் குறைவான துண்டில் கோடு மட்டும், சின்னம் இல்லை. 3 நாள் என்றால் அகலம் சுமார் 126, சின்னம் நிம்மதியாக நிற்கும். விளிம்பில் வரும் இந்த மாதிரி மாதத்தை முதலிலேயே தேடிப் பிடித்து வரைந்து பார்த்திடணும். சுலபமான மாதத்தில் எந்த விதியும் வேலை செய்யும்.

நிறம்

நிறத்தை யார் சுமப்பது என்பது அடுத்த கேள்வி. பூவின் நிறத்தையே மாதத்தின் நிறமாக்கலாம் என்றுதான் முதலில் தோணும். தபோட்வேயின் பூ புரசு, செக்கச்செவேல். ததின்ஜுட்டுக்குத் தாமரை. நல்லாத்தான் போகும், நயோனின் மல்லிகை வரும்வரை. அது வெள்ளை. நதோவின் தசின் ஆர்க்கிட், அதுவும் வெள்ளை. தாகுவின் கங்கோ, நம்ம ஊர் நாகப்பூ, வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள். மூன்று மாதத்துக்கு ஒரே நிறம் என்றால் திட்டம் காலி.

அதனால் பூ தன் நிறத்திலேயே இருக்கட்டும். மாதத்தின் நிறத்தை வளைவும் காட்சியின் பின்புலமும் சுமக்கட்டும். மொத்தம் ஐந்து நிறம்: கோட்டுக்கு ஒரு கருமை, தாளுக்கு ஒரு வெளிர் நிறம், இலைக்கு ஒரு பச்சை, விளக்குக்கு ஒரு பொன் நிறம். இந்த நான்கும் எந்த மாதத்திலும் மாறாது. ஐந்தாவது மட்டும் மாதத்துக்கு மாதம் மாறும்.

மாறும் அந்த ஒன்றை எப்படித் தேர்வது? நிறச் சக்கரத்தை 12 ஆகப் பிரித்து 30 டிகிரிக்கு ஒன்று எடுப்பது வழக்கம். ஆனால் hsl முறையில் எடுத்தால் ஏமாந்துபோவீங்க. hsl(60 70% 50%) மஞ்சள், hsl(240 70% 50%) நீலம். இரண்டிலும் வெளிச்சம் 50% என்றுதான் எழுதியிருக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மஞ்சள் பளிச்சென்று அடிக்கும், நீலம் இருட்டிக் கிடக்கும். மஞ்சள் மாதத்தில் மல்லிகை கரைந்துபோகும், நீல மாதத்தில் கருங்கோடு கரைந்துபோகும். oklch முறை கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை அளப்பது. அதில் வெளிச்சத்தையும் அடர்த்தியையும் பூட்டிவிட்டுக் கோணத்தை மட்டும் மாற்றலாம்:

```
.month {
  --ground: oklch(0.72 0.1 var(--h));
}
```

தாகு 90, கசோன் 120, நயோன் 150, வாசோ 180 என்று போகும். 0.72 என்ற வெளிச்சத்தில் கருங்கோடும் தெரியும், வெள்ளைப் பூவும் தெரியும். அடர்த்தியை 0.1க்கு மேல் தள்ள ஆசைப்படாதீங்க. 180ஐ ஒட்டிய பச்சை நீலங்களில் சாதாரணத் திரையின் எல்லை சீக்கிரம் வந்துவிடும். எல்லையைத் தாண்டிய நிறத்தைத் திரை தானாகவே வேறு நிறமாக மாற்றிக் காட்டும், நீங்க பூட்டிய சமநிலை சொல்லாமல் போயிடும். அச்சுக்கு அனுப்பும்போது இன்னும் குறுகும். ஆகவே அச்சகத்தில் முதலில் பன்னிரண்டு நிறப் பட்டையை மட்டும் ஒரே தாளில் அடித்துப் பார்த்திடுங்க.

சரியாக வந்திருக்கா என்று கண்டுபிடிக்க ஒரே சோதனை போதும். எல்லாப் படத்தையும் சின்னதாக்கி ஒரே பக்கத்தில் நான்குக்கு மூன்றாக அடுக்குங்க. கறுப்பு வெள்ளையாக மாற்றுங்க. எல்லாப் பின்புலமும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாக இருக்கணும். ஏதாவது ஒன்று துருத்திக்கொண்டு நின்றால், அந்த மாதத்தில் யாரோ நிறத்தைக் கையால் மாற்றியிருக்காங்கன்னு அர்த்தம்.

சின்னம்

ஒரு சின்னத்துக்கு ஒரு பொருள்தான் இருக்கணும். இதை மீற வைக்கும் மாதம் ததின்ஜுட். அதன் பௌர்ணமியில் தவம் முடிகிறது, ஊரெல்லாம் விளக்கு. அடுத்த மாதமான தசாவுங்மோன் பௌர்ணமியும் விளக்குத் திருநாள்தான். இரண்டுக்கும் நடுவே வருவது நம்ம தீபாவளி. 2023ல் நவம்பர் 12, 2024ல் அக்டோபர் 31. இரண்டு வருஷமும் அது ததின்ஜுட் மாதத்தின் கடைசி நாள், அமாவாசை. ஆக பதினைந்து நாள் இடைவெளியில் மூன்று விளக்கு விழா. மூன்றுக்கும் ஒரே அகல் விளக்கைப் போட்டால் எது எதுவென்று யாருக்கும் தெரியாது.

பிரிக்க வழி இருக்கு. தசாவுங்மோனுக்கு டவுன்ஜியில் நெருப்புப் பலூன் விடுவாங்க. அந்த மாதத்துக்கு மேலே ஏறும் பலூன். ததின்ஜுட்டுக்கு வரிசையாக அகல், தலைக்கு மேலே முழு நிலா. தீபாவளிக்கு ஒற்றை அகல், நிலாவே இல்லாத வானம். பௌர்ணமிக்கு ஒன்று, அமாவாசைக்கு ஒன்று என்கிற வித்தியாசத்தைச் சின்னமே சொல்லிவிடும். தீபாவளிச் சின்னம் பெயர்ப் பட்டையின் வலது ஓரத்தில், தமிழ்த் திருநாளுக்கென்று எல்லா மாதத்திலும் ஒதுக்கிய சிறிய இடத்தில் நிற்கும். தைப்பூசமும் பொங்கலும் அதே இடத்துக்குத்தான் வரும்.

அகலை ஒரே ஒரு முறை வரைந்து, வேண்டிய இடத்தில் அழைத்துக்கொள்ளலாம்:

```
<symbol id="agal" viewBox="0 0 96 96">...</symbol>
<use href="#agal" x="552" y="1200"
     width="96" height="96"/>
```

அகலின் வாய் கொஞ்சம் வளைவாக இருந்திருக்கலாம் என்று பிறகு தோணினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். ஆனால் இங்கே ஒரு குழி இருக்கு. 96 அளவில் வரைந்த சின்னத்தை 240க்குப் பெரிசாக்கினால் கோடும் கூடவே தடிக்கும். 4 தடிமனில் இருந்த கோடு 10 ஆகும். பக்கத்தில் 4 தடிமனில் நிற்கும் பூ மெலிந்து தெரியும். vector-effect="non-scaling-stroke" போட்டால் தீரும் என்று பலரும் சொல்வாங்க. திரையில் தீரும். ஆனால் அந்தக் கட்டளை கோட்டைத் திரையின் அளவில் நிறுத்துகிறது, படத்தின் அளவில் இல்லை. அதே படத்தை அச்சுக்காக மூன்று மடங்கு பெரிசாக எடுத்தால் எல்லாம் பெரிசாகும், கோடு மட்டும் அப்படியே மெலிசாக நிற்கும். நான் சொல்வது எளிய வழி: தொகுப்பு முழுக்க 96, 240 என்று இரண்டே அளவு. இரண்டு அளவுக்கும் தனித்தனியாக, இரண்டிலும் கோடு 4 வருகிற மாதிரி வரைந்து வைத்துக்கொள்ளுங்க. மூன்றாவது அளவு கேட்டால் கொடுக்காதீங்க.

கடைசியாகப் பூவில் ஒரு சந்தேகம் வரும். திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழா என்றதும் யாங்கோன்காரர் மனசில் வருவது மஞ்சள் படோக் பூ. அந்தச் சமயத்தில்தான் அது பூக்கும், பெண்கள் தலையில் வைப்பாங்க. ஆனால் மாதப் பூ வரிசையில் தாகுவுக்குச் சொல்லியிருப்பது கங்கோ. மூலையில் படோக் வரைந்தால் பார்க்கிறவங்களுக்குப் பிடிக்கும், ஆனால் மற்ற மூலைகள் எல்லாம் வரிசைப்படி இருக்க இது மட்டும் விதிவிலக்காகும். மூலை மாதப் பூவுக்குரிய இடம், அதனால் அங்கே கங்கோதான். படோக் விழாவைச் சேர்ந்தது. நடுப்படத்தில் தண்ணீர் ஊற்றும் பெண்ணின் கொண்டையில் வையுங்க. இரண்டும் படத்தில் இருக்கும், அதனதன் இடத்தில்.

தொகுப்பு முடிந்ததும், அது வேலை செய்யுதா என்று பார்க்க இன்னொரு வருஷத் தரவைப் போடுங்க. 2023ஐ எடுத்துவிட்டு 2024ஐப் போட்டால், waso-1 என்ற வரி காணாமல் போகணும், மீதி ஒரே வாசோவில் தவக் காட்சி வரணும், வளைவில் 66 டிகிரியில் கோடு விழணும். எதையும் கையால் தொடாமல் இந்த மூன்றும் நடந்தால் தொகுப்பு நிற்கும். வாசோ பக்கத்தைத் திறந்து ஏதாவது நகர்த்த வேண்டியிருந்தால், அங்கே இன்னும் ஒரு விதி எழுதாமல் விட்டிருக்கீங்க.